பில்டர் காப்பியும் நெஞ்சுப் படபடப்பும்: பீதிக் கோளாறு உள்ளவர்கள் காஃபீனைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரிக் கரை ஊர்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் வரும், அது உள்ளே இறங்குவதற்குள் காப்பி வரும். கும்பகோணத்தில் உளவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தக் காப்பியைப் பற்றிக் கேட்காமல் ஒரு நாள்கூட ஓடுவதில்லை. பேனிக் அட்டாக் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காப்பி?" என்றுதான். பெரும்பாலும் "ரெண்டுதாங்க" என்பார்கள். எழுதிப் பார்க்கச் சொன்னால் நான்கைந்து வரும். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நம்மூரில் காப்பி எண்ணிக்கையில் வராது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை பீதிக் கோளாறு, அதாவது பேனிக் டிசார்டர் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும். பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் கதையை வைத்தே சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 38. கணவருக்கு விவசாயம், வீட்டில் மாமியார். ஏழு மாதமாக வாரத்துக்கு நான்கைந்து முறை நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு முட்டும், கை குளிர்ந்துபோகும், "இதோ போகப்போறேன்" என்று தோன்றும். இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் நாள் முழுக்கக் கூடவே இருக்கும். இரண்டு முறை நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை. "ஒண்ணுமில்லேன்னா ஏன் மேடம் இப்படி அடிச்சுக்குது?" என்றார். நியாயமான கேள்வி.

காஃபீன் உள்ளே என்ன செய்கிறது

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது நரம்பு செல்களில் தனக்கென்று உள்ள இடத்தில் உட்கார்ந்து, "போதும், கொஞ்சம் மெதுவாகப் போ" என்று சொல்லும். பொழுது சாயச் சாய நமக்கு அசதி வருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. காஃபீன் உருவத்தில் கிட்டத்தட்ட அடினோசினைப் போலவே இருக்கும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி அது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடினோசின் வந்து நின்றுகொண்டே இருக்கும். மெதுவாகப் போ என்று சொல்ல ஆளில்லை.

அப்போது உடம்பில் அட்ரினலின் கொஞ்சம் கூடுகிறது. இதயம் அழுத்தி அடிக்கிறது, விரல் லேசாக நடுங்குகிறது, வயிறு புரட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதே பட்டியலை எடுத்து பேனிக் அட்டாக்கின் அறிகுறிப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி ஒன்றாகவே இருக்கும்.

பீதிக் கோளாறு இல்லாதவருக்கு இந்தப் படபடப்பு வந்தால், "இன்னிக்கு டிகாஷன் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். பீதிக் கோளாறு உள்ளவர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய மனம் உடம்பைக் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. இதயம் இரண்டு துடிப்பு கூடுதலாக அடித்தாலும் அது "ஆபத்து" என்று படித்துவிடுகிறது. அந்தப் பயம் இன்னும் அட்ரினலினைக் கூட்டுகிறது, இதயம் இன்னும் வேகமாகிறது, பயம் உறுதியாகிறது. டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-ல் இந்தச் சுழலை விளக்கினார். இன்று பீதிக் கோளாறுக்குத் தரும் பேச்சு சிகிச்சையின் அடித்தளம் அந்த விளக்கம்தான். காப்பி இந்தச் சுழலுக்கு முதல் தள்ளு கொடுக்கிறது.

இது ஆய்வுக்கூடத்திலும் பார்க்கப்பட்டிருக்கிறது. 2022-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து கப் காப்பிக்குச் சமமான காஃபீனை ஒரே தடவையில் கொடுத்தபோது பாதிப் பேருக்கு பேனிக் அட்டாக் வந்தது. காஃபீன் இல்லாத போலி மருந்து கொடுத்தபோது யாருக்கும் வரவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் காப்பிக்கே பயப்பட வேண்டாம். அங்கே கொடுத்தது மொத்தமாக ஐந்து கப். ஆனால் காலையிலிருந்து குடிப்பது உடம்பில் சேர்ந்துகொண்டே போய், சாயங்காலத்துக்குள் அந்த அளவை நெருங்க முடியும். எப்படி என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் வேலை: காப்பிதான் காரணமா என்று மருத்துவரிடம் உறுதி செய்வது

காப்பியில் கை வைப்பதற்கு முன்னால் ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் காப்பி இல்லாமலேயே நெஞ்சைப் படபடக்க வைக்கும். இவர் விஷயத்தில் தைராய்டு சரியாக இருந்தது. ஈ.சி.ஜி.யும் சரி, துடிப்பு மட்டும் 108. ஆனால் ஹீமோகுளோபின் 9.1. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்று வேறொரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அவர் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கொடுத்திருக்கிறார். இந்த இரண்டு விவரங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

படபடப்பு வரும்போது எப்படி அடிக்கிறது என்று கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பெரிய உதவி. பேனிக் அட்டாக்கில் துடிப்பு வேகமாக இருக்கும், ஆனால் ஒரே தாளத்தில் இருக்கும். சில நிமிடங்களில் ஏறி, மெதுவாக இறங்கும். சுவிட்சைத் தட்டியதுபோல் ஒரே நொடியில் 150-க்கு மேல் போய், அதேபோல் ஒரே நொடியில் நின்றால், அது இதயத்தின் மின்னோட்டத்தில் உள்ள கோளாறாக இருக்கலாம். இப்படிப்பட்டவர்களை பல வருடம் பேனிக் என்றே நினைத்துக்கொண்டிருப்பது நடக்கிற விஷயம். தாளம் தப்பித் தப்பி அடித்தாலோ, நடக்கும்போதும் படி ஏறும்போதும் மட்டும் வந்தாலோ, மயக்கம் போட்டாலோ, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ இதய மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி கை, தாடைக்குப் பரவினால் அந்த நிமிடமே 108. அந்த நேரத்தில் "போன வாரமும் இப்படித்தானே வந்தது" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

இரண்டாவது: வீட்டுக் காப்பியில் எவ்வளவு காஃபீன் என்று கணக்கிடுவது

இங்கேதான் நம்மூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறோம். கள்ளிச்சொட்டு மாதிரி கறுப்பாக இறங்கினால் ஸ்ட்ராங் காப்பி, பால் நிறைய விட்டால் லைட் காப்பி என்று நினைக்கிறோம். நிறத்துக்கும் காஃபீனுக்கும் நேரான தொடர்பு கிடையாது. அந்தக் கறுப்பிலும் கெட்டியிலும் பெரும் பங்கு சிக்கரியுடையது, சிக்கரியில் காஃபீனே இல்லை. அது ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. பால் சேர்த்தால் கசப்பு குறையும், டம்ளருக்குள் இருக்கும் காஃபீன் குறையாது.

அதனால் டம்ளரை விட்டுவிட்டுப் பொடியை அளக்க வேண்டும். இந்தப் பெண்ணின் வீட்டில் அரைக் கிலோ பொடி பத்து நாள் வருகிறது, ஆகவே ஒரு நாளைக்கு 50 கிராம். எண்பதுக்கு இருபது கலவை என்பதால் அதில் காப்பி 40 கிராம், மீதி சிக்கரி. அரபிகா கொட்டையில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 12 மில்லிகிராம் காஃபீன் இருக்கும், ரோபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர்கள் வாங்கும் கடையில் கேட்டோம், பாதிக்குப் பாதி என்றார் கடைக்காரர். சரி, கிராமுக்கு 17 என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு மொத்தம் 680 மில்லிகிராம். பொடியில் உள்ளதெல்லாம் டிகாஷனில் இறங்கிவிடாது, சக்கையில் கொஞ்சம் தங்கும். ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 540.

இதில் யாருக்கு எவ்வளவு? மாமியாருக்கு ஒன்று, கணவருக்கு இரண்டு, இவருக்கு ஐந்து. ஆக எட்டு டம்ளர், டம்ளருக்குச் சுமார் 70 மில்லிகிராம். இவர் பங்கு 340. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது, அதுவும் பொதுவான மக்களுக்கு. பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு நான் அந்த எண்ணை வைத்துப் பேசுவதே இல்லை. பலருக்கு நூறு, நூற்றைம்பதிலேயே படபடப்பு தொடங்கிவிடும்.

காப்பிக்கு வெளியேயும் தேட வேண்டும். டீ, கோலா, எனர்ஜி டிரிங்க் எல்லாருக்கும் தெரியும். தலைவலி, சளி மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமாலோடு காஃபீனும் சேர்த்திருப்பது பலருக்குத் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் போட்டிருக்கும். வீசிங் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் தியோபிலின் வகை மாத்திரையும் காஃபீனின் உடன்பிறப்புதான், அதுவும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே மூன்று காப்பியும் குடிக்கிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: பத்து நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காப்பி குடித்த நேரம், படபடப்பு வந்த நேரம், சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம். படபடப்பு வந்தால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கி எழுத வேண்டும். இந்தப் பத்து நாளும் எதையும் மாற்றக் கூடாது, வழக்கம்போல் குடிக்க வேண்டும். பலர் இரண்டாம் நாளே குறைக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நோட்டு எதையும் சொல்லாது.

இவருடைய நோட்டில் காப்பி நேரம் காலை 5, 7.30, 11, மாலை 4, இரவு 7.30. படபடப்பு பெரும்பாலும் இரண்டு இடங்களில் விழுந்திருந்தது. ஒன்று பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டுக்குள். இன்னொன்று நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும்.

முதலாவது எளிது. குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ரத்தத்தில் காஃபீன் உச்சத்துக்குப் போகும். பதினொரு மணிக்கு மூன்றாவது டம்ளர், காலையில் குடித்த இரண்டும் இன்னும் கரையவில்லை, காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு இரண்டு இட்லி. பதினொன்றரைக்கு நெஞ்சு அடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நள்ளிரவு அட்டாக்தான் அவரை அதிகம் பயமுறுத்தியது. "தூங்கும்போது எதையும் நினைக்கலியே மேடம், அப்ப இது மனசு இல்லே, நெஞ்சுதானே?" என்றார். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். அந்தக் கணக்கில் ஐந்து டம்ளரிலும் மீதி இருப்பதைக் கூட்டினால், இரவு ஒன்றரைக்கு அவர் உடம்பில் சுமார் 70 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்தப் பாதி நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பத்து மணி என்று வைத்துக் கணக்கிட்டால் ஒன்றரை மணிக்கு மீதி இருப்பது குறைந்தது 140. அந்த அகால வேளையில் எழுந்து இரண்டு டம்ளர் டிகாஷன் காப்பி குடித்தால் எப்படி இருக்குமோ, அந்த நிலையில்தான் அவர் உடம்பு தூங்கிக்கொண்டிருந்தது. நான் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கர்ப்பிணிகளுக்கும் காஃபீன் மெதுவாகத்தான் வெளியேறும். ஃபுளூவாக்சமின் என்ற மனநல மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் பல மடங்கு மெதுவாகும், அவர்களுக்கு ஒரு டம்ளரே பெரிய அளவு. புகைபிடிப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறாக வேகமாக வெளியேறும். அதனால்தான் சிகரெட்டை நிறுத்திய கையோடு, அதே காப்பியைக் குடிக்கும் சிலருக்குப் படபடப்பு கூடிவிடுகிறது.

நான்காவது: குறைப்பது, எந்த வரிசையில்

இவர் என்னிடம் வருவதற்கு முன்பே ஒருமுறை ஒரே நாளில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். மறுநாள் மதியம் தலை பிளந்துவிடும் போல வலி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல், உடம்பெல்லாம் சோர்வு. பக்கத்துக் கடையில் ஒரு தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டதும் அரை மணியில் எல்லாம் பறந்துவிட்டது. அந்த மாத்திரையில் காஃபீன் இருந்தது. வலி தீர்ந்தது மருந்தால் என்று நினைத்திருக்கிறார், பாதி தீர்த்தது காப்பியில் இருந்த அதே சரக்கு. திரும்பவும் ஐந்து டம்ளருக்கே போய்விட்டார்.

நிறுத்திய 12-லிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், ஒன்பது நாள் வரைகூட இழுக்கும். பீதிக் கோளாறு உள்ளவருக்கு இந்தத் தலைவலியே "மூளையில் ஏதோ" என்ற புதுப் பயத்தைக் கொடுக்கும். அதனால் ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. ஐந்து, ஆறு நாளுக்கு ஒரு படி என்று இறங்க வேண்டும். நடுவில் தலை வலித்தால் காஃபீன் சேராத வெறும் பாராசிட்டமால் போதும்.

வரிசையும் முக்கியம். எல்லாரும் முதலில் விடியற்காலைக் காப்பியைத்தான் விடப் பார்க்கிறார்கள். அதுதான் விடுவதற்கு மிகவும் கஷ்டமானது, விட்டால் பலன் குறைவானது. தூக்கத்துக்கு அருகில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரம் இரவு 7.30 காப்பி போனது. அதற்குப் பதில் சுக்கு மல்லிக் காப்பி, கருப்பட்டி போட்டு. பேரில்தான் காப்பி, காஃபீன் கிடையாது. ஆனால் கடையில் வாங்கும் சில சுக்குக் காப்பிப் பொடியில் காப்பித் தூளும் கலந்திருக்கும், பாக்கெட்டைப் படித்து வாங்க வேண்டும். சுக்கும் மல்லியும் வீட்டில் இடித்து வைத்துக்கொள்வதே நல்லது. வயிறு எரியும் என்பவர்களுக்குச் சூடான பால் போதும்.

இரண்டாவது வாரம் பதினொரு மணிக் காப்பிக்குப் பதில் மோர். மூன்றாவது வாரத்தில் ஒரு சின்ன உபாயம் செய்தோம். பொடி அரைக்கும் கடையில் எண்பது இருபதுக்குப் பதில் அறுபது நாற்பது கலந்து வாங்கச் சொன்னேன். காப்பி நாற்பது கிராமிலிருந்து முப்பதாகிறது, டம்ளருக்குக் கால் பங்கு காஃபீன் குறைகிறது, ஆனால் நிறமும் கெட்டியும் அப்படியே இருப்பதால் நாக்கு அவ்வளவாகக் கண்டுபிடிக்காது. மாமியார் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா, பொடி மாறிப்போச்சா, வேர் வாசம் தூக்குதே" என்றாராம். சிக்கரி கலந்த பொடியில் காப்பி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே கடையில் வாங்குவதை வைத்து இந்த வழியில் பாதிக்குக் கீழே இறங்க முடியாது. கலவையைக் குறைக்கும்போது ரோபஸ்டா இல்லாமல் அரபிகா மட்டும் கேட்டு வாங்கினால் இன்னும் குறையும்.

நான்காவது வாரம் மாலை நான்கு மணிக் காப்பி அரை டம்ளரானது, ஐந்தாவது வாரம் நின்றது. விடியற்காலை ஐந்து மணிக் காப்பியை விட அவருக்கு மனமில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதை இடம் மாற்றினோம். வெறும் வயிற்றில் குடித்தால் காஃபீன் வேகமாக ஏறும். அதனால் ஐந்து மணிக்கு வெந்நீர், எட்டு மணிக்கு இட்லிக்குப் பிறகு ஒரு டம்ளர். ஏழரைக் காப்பியும் அதோடு சேர்ந்துவிட்டது. முடிவில் ஒரு நாளைக்கு ஒன்று, ஏறக்குறைய 50 மில்லிகிராம்.

லித்தியம் அல்லது குளோசபின் எடுப்பவர்கள் மட்டும் இந்தப் பாதையில் தாங்களாக இறங்க வேண்டாம். காஃபீன் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும், குளோசபினின் அளவு இறங்கும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வழியில் தடுக்கும் விஷயங்கள்

ஆறாவது வாரம் சுவாமிமலையில் உறவுக்காரர் கல்யாணம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, இரவு பதினொரு மணி வரை பேச்சு, விடியற்காலை நான்கு மணிக்கே எழுப்பிக் கையில் காப்பி. முகூர்த்தத்துக்குள் மூன்று ஆகிவிட்டது. மண்டபத்தில் நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறும்போது இவருக்கு நெஞ்சும் ஏறியது. "எல்லாம் வீணாப்போச்சு மேடம்" என்று போனில் அழுதார். வீணாகவில்லை. ஐந்து வாரம் குறைத்த பிறகு உடம்பின் பழக்கம் போயிருக்கும், முன்பு தாங்கிய அளவு இப்போது பலமாகத் தாக்கும். தூக்கமும் இல்லை. கல்யாண வீடு, வளைகாப்பு, சாவு வீடு, இரவுப் பஸ் பயணம் ஆகிய நான்கையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

காப்பியை மறுப்பது நம்மூரில் சின்ன விஷயம் இல்லை. "வேண்டாம்" என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்றதுபோல முகம் வாடிவிடும். காரணமெல்லாம் விளக்க வேண்டியதில்லை. "அத்தை, டாக்டர் காப்பி கூடாதுன்னுட்டார், மோர் இருந்தா ஒரு டம்ளர் கொடுங்க" என்று வேறொன்றைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட வேண்டும். எதையாவது வாங்கிக் குடித்தால் போதும், உபசரித்த திருப்தி அவர்களுக்கு வந்துவிடும்.

குடித்த பிறகு படபடப்பு வந்தேவிட்டால், முதலில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். துடிப்பை எண்ணுங்கள். ஒரே தாளத்தில் 100, 120 என்று இருந்தால், மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கும்படி விடுங்கள். காப்பி எத்தனை மணிக்குக் குடித்தேன் என்று கடிகாரத்தைப் பாருங்கள். "பதினொரு மணிக்குக் குடித்தேன், இப்போது பதினொன்று நாற்பது, இது அதன் உச்ச நேரம்" என்று வாய்விட்டுச் சொல்வது பலருக்கு உதவுகிறது. தெரியாத ஆபத்து ஒன்று தெரிந்த காரணமாக மாறுகிறது. பயச் சுழலை அறுப்பது அதுதான்.

எதிர்பார்க்க வேண்டியதும் எதிர்பார்க்கக் கூடாததும்

நள்ளிரவு அட்டாக் மூன்றாவது வாரத்தோடு நின்றது. அதில் மகளிர் மருத்துவருக்கும் பங்கு உண்டு. நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டு அவர் மாத்திரையை மாற்றினார், இரும்புச் சத்தும் தொடங்கினார். ஹீமோகுளோபின் மூன்று மாதத்தில் 11.4 ஆனது. ஆகவே எல்லாவற்றையும் காப்பி தலையில் கட்ட நான் தயாராக இல்லை. வாரத்துக்கு நான்கைந்து என்றிருந்த அட்டாக் எட்டாவது வாரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது.

அந்த ஒன்று காப்பியைக் குறைத்ததால் போகவில்லை, போகாது. கூட்டமான பஸ்ஸிலும் மண்டபத்திலும் வந்துகொண்டே இருந்தது. காஃபீனைக் குறைப்பது எரிகிற அடுப்பிலிருந்து விறகை இழுப்பது. அடியில் இருக்கும் தணலுக்குப் பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் சிலருக்குப் படபடப்பு கூடும். அந்த நாட்களில் காப்பி குறைவாக இருந்தால் மாத்திரையைப் பாதியில் விடாமல் தாண்டிவிட முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலர் காப்பியை விஷம் மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். காப்பி வாசம் வந்தாலே எழுந்து போவார்கள். அப்படியானால் பயம் தீரவில்லை, பஸ்ஸிலிருந்து டம்ளருக்கு இடம் மாறியிருக்கிறது. ஆரோக்கியமான 100 பேரைக் காப்பி குடிக்கும் நாள், குடிக்காத நாள் என்று மாற்றி மாற்றிக் கண்காணித்து 2023-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இதயத்தின் மேலறையில் இடையே விழும் துடிப்புகள் காப்பியால் கூடவில்லை. கீழறையிலிருந்து வரும் துடிப்புகள் கூடின, தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நல்ல இதயத்தைக் காப்பி நிறுத்திவிடாது. பீதிக் கோளாறு உள்ளவர் அறிவால் மட்டுமல்ல, உடம்பாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அதனால் நான்காவது மாதம், சிகிச்சை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவரை ஒரு நாள் பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். பிளாஸ்கில் அரை டம்ளர் காப்பி, அவர் வீட்டுப் பழைய எண்பது இருபது. இதை வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது, மருத்துவர் இதயம் சரி என்று சொன்ன பிறகு, சிகிச்சை தருபவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குடித்தார். பதினொன்றரைக்கு, "வருது மேடம்" என்றார். கை தானாகவே மணிக்கட்டுக்குப் போனது. 96. கடிகாரத்தைப் பார்த்தார். "உச்ச நேரம்" என்று அவரே சொன்னார். பதினொன்று ஐம்பதுக்கு 84. அதற்குள் பேச்சு எங்கெங்கோ போயிருந்தது, மேட்டூர் திறந்தது, குறுவைக்கு நாற்று விட்டது என்று. கிளம்பும்போது பிளாஸ்கைக் கழுவி எடுத்துக்கொண்டார்.